அப்பா எழுதிய அனுபவக் கடிதம்

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு அந்த போன் வந்தபோது, அப்பா கண்ணாடி அறைக்குள் ஒரு கிராம் எடைக்கல்லை இடுக்கியால் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த மாதிரி நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. மின்விசிறி ஓடக் கூடாது. கதவைத் திறந்தால் காற்று வந்து தராசின் கடைசி எண் ஆடிவிடும் என்பதால், கதவையும் திறக்கக் கூடாது.

அத்தை கதவைத் திறந்தாள்.

"டேய் தம்பி, போன்."

"அக்கா! காத்து!"

"காத்து வந்தா வரட்டும். உன் மக வேலை போகப் போகுது. வா வெளியே."

தராசு பழுதுபார்த்து, அளவு சரிபார்த்து, சான்றிதழ் கொடுக்கும் கடை அது. முன்னால் ஒரு அலுவலக அறை, நடுவில் கண்ணாடி அறை, பின்னால் பெரிய மேடைத் தராசுகளைப் பிரித்துப் போடும் கொட்டகை. முன்னறை அத்தையின் ஆட்சி. சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவள் கையில். கொட்டகை, தாடி என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கின் ஆட்சி. கண்ணாடி அறை அப்பாவுடையது. ஆறு வருஷமாக மகளுடையதும்தான்.

மகளுக்கு வீட்டிலும் கடையிலும் பெயர் மில்லி, மில்லிகிராமின் சுருக்கம். பிறந்தபோது இரண்டு கிலோ நூற்றுப் பத்து கிராம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தார்களாம். "உங்க தராசுல எழுபது கிராம் பிழை இருக்கு" என்று அப்பா நர்ஸிடம் சண்டை போட்டாராம். குழந்தை அழகாக இருக்கிறதா, யார் ஜாடை என்றெல்லாம் அப்புறம்தான் பார்த்தாராம். அத்தை இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அந்த மில்லிக்கு இப்போது வேறு வேலை கிடைத்திருக்கிறது. மருந்துகளைப் பரிசோதிக்கும் பெரிய ஆய்வகம். அங்கே இருக்கும் கருவிகளை இந்தக் கடை இன்னும் நூறு வருஷம் போனாலும் வாங்க முடியாது. இருப்பது ஒரே ஒரு இடம். நேர்முகத் தேர்விலேயே, தான் வேலை பார்ப்பது அப்பாவின் நிறுவனம் என்று அவள் மறைக்காமல் சொல்லியிருந்தாள். ராஜினாமா கொடுத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை இங்கே கடைசி நாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே சேர வேண்டும்.

அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டாள். மில்லியும் வந்து நின்றாள்.

"வணக்கம் சார். நான் மனிதவளத் துறையிலேர்ந்து பேசறேன். சனிக்கிழமை நீங்க அனுப்பின அனுபவக் கடிதம் பத்தி."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன் சார். ரொம்ப... உருக்கமா இருந்துச்சு."

மில்லி அத்தையைப் பார்த்தாள். அத்தை மில்லியைப் பார்த்தாள். சனிக்கிழமை அத்தை கண் டாக்டரிடம் போயிருந்தாள். மில்லி ஒரு அரிசி ஆலைக்கு எடைமேடை பார்க்கப் போயிருந்தாள். அந்தக் கடையில் ஒருவர் சோதித்ததை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகாது. அப்பாவே போட்ட சட்டம். அந்தக் கடிதம் மட்டும் அப்படிப் போகவில்லை. ஆய்வகத்திலிருந்து நேரடியாகக் கேட்டிருந்தார்கள். அப்பா தனியாக உட்கார்ந்து, தானே தட்டி, தானே அனுப்பியிருந்தார்.

"சார், அவங்க விண்ணப்பத்துல ஆறு வருஷம்னு போட்டிருக்காங்க. சம்பளச் சீட்டும் அப்படித்தான் சொல்லுது. நீங்க பன்னிரண்டு வருஷம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா. பள்ளிக்கூட லீவுல எல்லாம் இங்கதான் கிடப்பா."

"பன்னிரண்டு வருஷம்னா அப்போ அவங்களுக்குப் பதினஞ்சு வயசு சார். அப்போலேர்ந்து தொழில்நுட்ப மேலாளர்னு போட்டிருக்கு."

கொட்டகையிலிருந்து எட்டிப்பார்த்த தாடி, இருமுவது போல் சிரித்தான்.

"அவங்க மூத்த டெக்னீஷியன்னு சொல்லியிருக்காங்க. எது சரி சார்?"

அப்பா கையிலிருந்த இடுக்கியைத் திறந்து மூடினார்.

"கடைசியா ஒண்ணு. 'இவருடைய மேஜையும் நாற்காலியும் இங்கே எப்போதும் இவருக்காகவே இருக்கும்'னு முடிச்சிருக்கீங்க. ராஜினாமா ஏற்றுக்கொண்டது பத்தி ஒண்ணும் இல்ல. கடைசி வேலை நாள் இல்ல. ஒப்படைச்சாங்களா, விடுவிச்சீங்களான்னு இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க சார், அவங்க வேலையை விட்டுட்டு வர்றாங்களா, இல்ல லீவுல வர்றாங்களா?"

"விட்டுட்டுத்தான் வர்றேன் மேடம்" என்றாள் மில்லி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சரியான கடிதம் வந்தா திங்கக்கிழமை சேரலாம். இல்லன்னா அடுத்து இருக்கறவங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். அது என் கையில இல்லீங்க. தேதி, பதவி, செஞ்ச வேலை, விடுவிப்பு. அவ்வளவு போதும் சார்."

போன் வைக்கப்பட்டது. அத்தை கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சத்தமாக வாசித்தாள்.

"'நேர்மையில் தங்கம். உழைப்பில் இரும்பு. என் முப்பது வருட அனுபவத்தில் இவரைப் போல் ஒருவரை நான் கண்டதில்லை.' ஏண்டா, நான் இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியைத் தேய்க்கிறேன். என்னைக் கண்டதில்லையா?"

"அக்கா, நீ சும்மா இரு."

"நானும் இருக்கேன் முதலாளி" என்றான் தாடி. "பதினாலு வருஷம். நான் என்ன, தகரமா?"

மில்லி சிரிக்கவில்லை. "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? எனக்குக் காட்டியிருக்கலாம்ல?"

"காட்டினா நீ பாதி வரியை அடிச்சுடுவ. அதான் காட்டல" என்றார் அப்பா. "பெத்த பொண்ணைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதினது குத்தமா? பொய்யா எழுதினேன்? எல்லாம் மனசுல உள்ளதுதானே?"

"மனசுல உள்ளதை யாரு கேட்டாங்க? பதிவேட்டுல உள்ளதைத்தான் கேக்கறாங்க."

"அப்படின்னா காஞ்சு போன காகிதம்தான் வேணுமா உனக்கு?"

அத்தை நாற்காலியைத் திருப்பினாள். "தம்பி, இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் தராசுக்குச் சான்றிதழ் கொடுத்திருப்ப? ஒண்ணுலயாவது 'இது தங்கமான தராசு, இது போல நான் கண்டதில்லை'ன்னு எழுதியிருக்கியா?"

"அது எப்படி எழுதறது? அளவு என்ன வந்துச்சோ, பிழை எவ்வளவோ, அதைத்தான் போடணும். நல்ல தராசா கெட்ட தராசான்னு முடிவு பண்றது வாங்கறவன் பாடு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. எழுந்து, கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு கிராம் கல்லைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

மில்லி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றாள். "கோவமா இருக்காரா அத்தை?"

"கோவமா? நீ போறேன்னு எழுதிக் கொடுத்ததிலேர்ந்து உங்கப்பன் சரியா சாப்பிடறதில்ல. உங்கம்மா தினம் எனக்கு போன் போடறா. நீ போகணும்னு அவனேதான் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். போறேன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல."

பிற்பகல் அப்பா வெளியே வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள்.

"அக்கா, வருகைப் பதிவேடு. ஆறு வருஷமும் எடு. சம்பளப் பட்டியலும் எடு."

"எதுக்கு?"

"சரிபார்க்க."

அன்று மாலை வரை அந்த மேஜையில் பதிவேடுகள் கிடந்தன. அப்பா ஒரு தராசை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். ஒவ்வொரு தேதியையும் இரண்டு இடத்தில் ஒத்துப்பார்த்தார். ஜூன் மூன்று, முதல் கையெழுத்து. அன்று காலை எட்டு ஐம்பது என்று போட்டிருந்தாள். அவர் ஒன்பது பத்துக்கு வந்திருந்தார். அடுத்த வருஷம் மே மாதக் கடைசி வரை பயிற்சி டெக்னீஷியன். ஜூன் முதல் டெக்னீஷியன். இரண்டு வருஷம் ஏழு மாதத்துக்கு முன், பிப்ரவரி ஒன்றாம் தேதி முதல் மூத்த டெக்னீஷியன்.

"மூத்த டெக்னீஷியன் ஆக்கினது நான்தானே? கடிதம் கொடுத்தேனா?"

"கொடுத்த. நகல் இருக்கு. 'ஆக்கியுள்ளேன், வாழ்க'ன்னு முடிச்சிருந்த. 'வாழ்க'வை நான் அடிச்சுட்டேன்."

தேதி கிடைத்துவிட்டது. அடுத்தது வேலை. தாளில் 'பணிகள்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். 'தராசுகளைச் சோதித்தல்' என்று எழுதினார். அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது. ஆறு வருஷம் ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் வேறு என்ன செய்தாள் என்று சட்டென்று சொல்ல வரவில்லை. அவரைப் பொறுத்தவரை அவள் இருந்தாள். வேலை நடந்தது.

வியாழக்கிழமை காலை அவர் கொட்டகைக்குப் போனார்.

"தாடி, பாப்பா என்னென்ன வேலை பார்ப்பா?"

"என்ன முதலாளி, உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாத மாதிரி சொல்லு."

தாடி ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மேடைத் தராசு வந்தா, நடுவுல ஒரு தடவை, நாலு மூலையில நாலு தடவை கல்லு வெச்சுப் பார்க்கறது பாப்பாதான். மூலைக்கு மூலை மாறுச்சுன்னா எந்தக் கால்ல கோளாறுன்னு சீட்டு எழுதி ஒட்டிடும். நான் பிரிச்சுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்ல. அப்புறம் ஆளுங்களைக் கூப்பிடறது."

"எந்த ஆளுங்க?"

"வாடிக்கைக்காரங்க. ஒரு வருஷம் ஆகப் போகுது, தராசைக் கொண்டாங்கன்னு ஒரு மாசம் முன்னாடியே போன் போடும். அது கையில ஒரு பட்டியல் இருக்கு. நானூத்திச் சொச்சம் தராசு."

அப்பா அசையாமல் நின்றார். "அவங்களா வர்றாங்கன்னு நெனச்சேன்."

"யாரு முதலாளி அவங்களா வருவாங்க?"

"நம்ம கடை பேருக்காகன்னு..."

"நம்ம கடை பேரைச் சொல்லித்தான் பாப்பா போன் போடும்" என்றான் தாடி, ஆறுதலாக.

முன்னறைக்குத் திரும்பிய அப்பா, வெளியே போன சான்றிதழ்களின் பதிவேட்டை எடுத்தார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இரண்டு கட்டம். ஒன்றில் சோதித்தவர் கையெழுத்து, மற்றதில் சரிபார்த்தவர் கையெழுத்து. இரண்டாவது கட்டத்தில் கடந்த மூன்று வருஷமாக மில்லியின் குட்டிக் கையெழுத்து. சில இடங்களில் அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'திருத்தம்' என்று இருந்தது. விரல் வைத்து எண்ணினார். தாடி எடுத்த அளவுகளில் ஆறு. வெளியிலிருந்து உதவிக்கு வந்தவர் எடுத்ததில் ஒன்பது. அப்பா எடுத்ததில் பதினொன்று.

"மில்லி!"

கண்ணாடி அறையிலிருந்து அவள் வந்தாள்.

"இதென்ன பதினொண்ணு?"

அவள் பார்த்தாள். முகம் சிவந்தது. "கூட்டல்ல சின்னச் சின்னதா... சராசரி போடும்போது ஒரு எண் விட்டுப்போகும். நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே மாத்தி வெச்சுடுவேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சிவப்பு மையில எழுதி, உங்க மேஜையிலதாம்ப்பா வெப்பேன். நீங்க பார்க்காம கையெழுத்துப் போட்டா நான் என்ன பண்ணட்டும்?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பதிவேட்டை ஒரு முறை பார்த்தார், மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே தாளில் எழுதினார்: 'சான்றிதழ் வரைவுகளின் கணக்கீடுகளைச் சரிபார்த்தல்.'

"எத்தனைன்னு போடட்டுமா?"

"வேணாம்ப்பா! உங்க மானம்தான் போகும்."

மதியத்துக்குள் பட்டியல் ஏழு வரியாகிவிட்டது. எட்டாவது வரியில்தான் தகராறு. இரண்டு வருஷம் முன்பு அப்பா இதயச் சிகிச்சைக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடை ஒரு நாள்கூட மூடவில்லை.

"'மூன்று வாரம் நிறுவனத்தைத் தனியாகப் பொறுப்பேற்று நடத்தினார்'. இது உண்மைதானே? இதை யாரும் அடிக்கக் கூடாது."

"அடிக்கணும்" என்றாள் மில்லி.

"ஏன்?"

"பொறுப்புல நீங்கதான் இருந்தீங்க. சான்றிதழ்ல கையெழுத்து யாரோடது? கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, ஒவ்வொரு தராசுக்கும் பத்துத் தடவை எடுத்த அளவையும் வரிசையா ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானே போட்டீங்க? டாக்டர் வந்து பார்த்துட்டு, இவருக்கு ஓய்வு வேணும்மா, கணக்குப் பரீட்சை வேணாம்னாரே!"

"நீ இல்லன்னா அந்த மூணு வாரம்..."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அங்க யாராவது, எந்த ஆணைப்படி பொறுப்பேத்தீங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்? நேத்து அந்த மேடம் பேசினதைக் கேட்டீங்கல்ல? நீங்க புகழ்ந்தா அது அப்பா பேசறது. நீங்க தேதியைப் போட்டா அது கம்பெனி பேசறது. எனக்கு இப்போ கம்பெனிதான் வேணும்."

அப்பா வெகுநேரம் அந்த வரியையே பார்த்தார். பேனாவை எடுத்து, ஒரே கோட்டில், உள்ளே எழுதியது தெரியும்படி அடித்தார். பதிவேட்டில் தப்பானால் அப்படித்தான் அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடிதம் தயார். ஒரு வரியைத் தவிர. அத்தை தட்டச்சு செய்து வைத்திருந்தாள்: 'தம்மிடமிருந்த பொருள்கள், ஆவணங்கள் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டார், இன்று வேலை நேர முடிவில் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.'

"இதை எப்படிப் போடறது? ஒப்படைச்சதை நான் பார்க்கலையே" என்றார் அப்பா.

"சரி, பாருங்க" என்றாள் மில்லி.

இருவரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். கையுறை போட்டுக்கொண்டார்கள். திட்ட எடைக்கற்கள் இருக்கும் அலமாரியின் சாவி, அந்த ஆறு வருஷத்தில் ஐந்து வருஷம் மில்லியிடம்தான். கடைக்கு வரும் எல்லாத் தராசையும் இந்தக் கற்களை வைத்துத்தான் சோதிப்பார்கள். விரல் பட்டால் வியர்வை ஒட்டி எடை மாறும். அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். அப்பா இடுக்கியால் தூக்கி, அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, பட்டியலில் டிக் போட்டார்.

"இருநூறு கிராம்."

"இருக்கு."

"நூறு கிராம்."

"இருக்கு. இதைத்தானே நீ முதல் வாரத்துல கீழே போட்ட?"

"கீழே போடல. மேஜையில விழுந்துச்சு. நீங்கதான் தரையே இடிஞ்ச மாதிரி கத்துனீங்க."

"திரும்பச் சோதிச்சோம். ஒண்ணும் ஆகல."

"எனக்குத்தான் ரெண்டு நாள் காய்ச்சல்."

மில்லி அடுத்ததைச் சொன்னாள்: "அம்பது கிராம்."

"இருக்கு."

ஒரு கிராம் வரை வந்தது. அதற்குக் கீழே இருக்கும் மில்லிகிராம் பெட்டி இருந்த இடம் காலி. அப்பாவின் கண்கள் மின்னின.

"ஆ! மில்லிகிராம் பெட்டி?"

"மேல் ஆய்வகத்துக்கு வருஷாந்தரச் சோதனைக்குப் போயிருக்குப்பா. நீங்கதானே அனுப்பச் சொன்னீங்க."

"எப்போ வரும்?"

"வர்ற புதன்கிழமை."

"அப்போ ஒப்படைப்பு புதன்கிழமைதான் முடியுது." அப்பா பேனாவை மூடினார். "நான் என்ன பண்ணட்டும் கண்ணு? முறைன்னு ஒண்ணு இருக்கே. கண்ணால பார்க்காததை வாங்கிக்கிட்டேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மில்லி நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரம் நாலு பத்து காட்டியது. கண்ணாடிக்கு வெளியே அத்தை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். கதவைத் திறந்தாள். இன்றைக்கு யாரும் காற்று என்று கத்தவில்லை.

"வெளிய போயிருக்கற பொருளை எப்படி ஒப்படைக்கறது தம்பி? போன வருஷம் அந்த ஸ்டோர் பையன் வேலையை விட்டப்போ எப்படிப் பண்ணோம்?"

அப்பா தரையைப் பார்த்தார். "ரசீதை வாங்கிக்கிட்டோம்."

"ரசீது எங்க?"

"என் கோப்புல ரெண்டாவது தாள்" என்றாள் மில்லி. எடுத்து மேஜையில் வைத்தாள். அனுப்பிய தேதி, பெட்டி எண், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து எல்லாம் இருந்தன.

அப்பா அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் எழுதப்பட்டிருந்தது.

"அப்பா, உங்களுக்கு நான் போக வேண்டாம்னு இருந்தா, வாயைத் திறந்து சொல்லிடுங்க. பெட்டி மேல பழி போடாதீங்க."

"வேண்டாம்னு இல்லடா." அவர் கையுறையைக் கழற்றினார். விரல் விரலாக, மெதுவாக. "போகணும். அங்க இருக்கற தராசை நான் படத்துலதான் பார்த்திருக்கேன். நீ அதைத் தொடணும். ஆனா விடுவிக்கறேன்னு நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு... புதன்கிழமைன்னா இன்னும் நாலு நாள் இருக்கேன்னு பார்த்தேன். வேற ஒண்ணுமில்ல."

"விடுவிக்கறது வேலையிலேர்ந்துதாம்ப்பா. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குத்தானே வருவேன்? அதுலேர்ந்து யாரு விடுவிக்கறாங்க?"

அத்தை மூக்கை உறிஞ்சினாள். பிறகு அதட்டினாள். "ரெண்டு பேரும் அழுதீங்கன்னா கல்லு மேல சிந்தப் போகுது. எடை மாறும். வெளிய வந்து அழுங்க."

பட்டியலின் கடைசி வரியில் அப்பா எழுதினார்: 'மில்லிகிராம் பெட்டி, வெளியே உள்ளது; ரசீது பெறப்பட்டது.' டிக் போட்டார். மில்லி சாவியை மேஜையில் வைத்தாள். அவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று இருவரும் கையெழுத்திட்டார்கள்.

கடிதம் நிறுவனத் தாளில் அச்சாகி வந்தது. ஒரே பக்கம். சேர்ந்த நாள், விட்ட நாள், மூன்று பதவிகள், ஒவ்வொன்றும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. செய்த வேலைகள் ஏழு. ராஜினாமா தந்த தேதியும் ஏற்றுக்கொண்ட தேதியும். ஒப்படைப்பு. விடுவிப்பு. தங்கமும் இல்லை, இரும்பும் இல்லை. அப்பா கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். பிறகு, அனுப்பு பொத்தானுக்குப் போன அத்தையின் கையைத் தடுத்தார்.

"ரெண்டாவது ஆள் பார்க்கலையே."

அத்தை அலுவலக நகலை எடுத்து, ஒவ்வொரு தேதியாகப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். ஐந்து ஐம்பதுக்குக் கடிதம் போயிற்று.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அதே பெண் கூப்பிட்டாள். இந்த முறை அப்பாவே எடுத்தார். மில்லி வீட்டில் இருந்தாள். அத்தை வழக்கம்போல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"கடிதம் வந்துடுச்சு சார். தேதியெல்லாம் சம்பளச் சீட்டோட ஒத்துப்போகுது. படிவத்துல நாலு கேள்வி இருக்கு, கேட்டுட்டு முடிச்சுடறேன். அவங்க உங்களுக்கு உறவா?"

"மகள்."

"வேலையை விட்ட காரணம்?"

"அவங்களா ராஜினாமா கொடுத்தாங்க."

"ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது?"

அப்பாவின் வாய் திறந்தது. முப்பது வருடம், தங்கம், இரும்பு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றதை அத்தை பார்த்தாள். ஒரு விரலை உயர்த்தினாள். அவர் விழுங்கிக்கொண்டார்.

"பதிவேட்டுல எதுவும் இல்லைங்க."

"திரும்ப வேலைக்கு வந்தா எடுத்துப்பீங்களா?"

வியர்த்துவிட்டது அவருக்கு. கொட்டகைப் பக்கம் தாடி ஸ்பேனரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"காலியிடம் இருந்து, அவங்க விண்ணப்பம் போட்டா... பரிசீலிப்போம்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். "நன்றி சார். எல்லாம் சரியா இருக்கு. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்க."

போனை வைத்ததும் அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "ஒரு டன் மேடைத் தராசைத் தனியாத் தூக்கின மாதிரி இருக்கு அக்கா."

"நல்லாத்தான் பேசினே. கல்லு மாதிரி இருந்தே."

ஒரு மணிக்கு மில்லி வந்தாள். அப்பாவைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக அம்மா அனுப்பியிருந்தாள். செய்தியைக் கேட்டு அத்தையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பழக்க தோஷத்தில் நேராகக் கண்ணாடி அறைக் கதவில் கை வைத்தாள்.

"நில்லு" என்றார் அப்பா உள்ளிருந்து.

"என்னப்பா?"

"நேத்து வேலை நேரம் முடிஞ்சதோட நீ வெளி ஆள். வெளி ஆள் கையெழுத்துப் போடாம உள்ளே வரக் கூடாது. அக்கா, பார்வையாளர் நோட்டைக் கொடு."

"விளையாடறீங்களா?"

"கடிதம் எழுதியிருக்கேன். வேணும்னா படிச்சுக் காட்டட்டுமா?"

மில்லி இடுப்பில் கை வைத்து முறைத்தாள். அவர் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. கண் மட்டும் சிரித்தது. அவள் நோட்டை வெடுக்கென்று இழுத்தாள். பெயர் எழுதினாள். நேரம் எழுதினாள். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'அப்பா' என்றும், 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'பசி' என்றும் எழுதி, கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்.

அப்பா உள்ளிருந்தபடியே ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. எழுந்து வந்து கதவைத் திறந்தார்.